பன்னிரண்டு நரம்புகளும் ஒரு துணிப்பையும்

2019 பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த மகளின் பெட்டியைத் திறந்தபோது, துணிமணிகளுக்கு முன்னால் வெளியே வந்தது காகிதங்கள் திணித்த ஒரு துணிப்பை. முதலாண்டு உடற்கூறியல் நோட்டிலிருந்து கிழித்த பக்கங்கள், உடலியங்கியல் வகுப்பில் அவசரமாக எழுதிய தாள்கள், வார்டில் நின்றுகொண்டே ஈசிஜி காகிதத்தின் பின்புறம் கிறுக்கியவை, தோழி ஒருத்தியின் கையெழுத்தில் இருந்த ஜெராக்ஸ் பிரதிகள். எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை: மூளையிலிருந்து நேராகப் புறப்படும் பன்னிரண்டு இணைக் கபால நரம்புகள்.

பைக்குப் பின்னால் ஒரு சிறு அவமானம் இருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் வார்டில் பேராசிரியர் ஒருவர் அவளிடம், "இந்த நோயாளியின் ஏழாம் நரம்பைச் சோதித்துக் காட்டு" என்று சொல்லியிருக்கிறார். அவள் அந்த நரம்பு மண்டையோட்டின் எந்தத் துளை வழியே வெளிவருகிறது, முகத்தில் எத்தனை கிளைகளாகப் பிரிகிறது என்பதையெல்லாம் தடையின்றி ஒப்பித்தாள். "நல்லது. இப்போது சோதி" என்றார் அவர். அவள் கை எழவே இல்லை.

நாங்கள் இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பொதுமருத்துவம் பார்ப்பவர்கள். வழக்கமாக இங்கே நாவல்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் எங்களுக்கு, அந்தப் பொங்கலின் மூன்று நாட்களை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். மகள் காகிதங்களைத் தரையில் பரப்பியபோது எங்களுக்குப் புலப்பட்ட முதல் விஷயம் இதுதான். அவளுக்குத் தெரியாதது என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. நரம்பு எந்த வழியில் போகிறது என்பது ஒரு நோட்டில் இருந்தது, என்ன செய்கிறது என்பது இன்னொன்றில், எப்படிச் சோதிப்பது என்பது ஈசிஜி காகிதத்தில். இந்த மூன்றும் ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது.

ஆகவே ஒரு மனவரைபடம் வரையலாம் என்று முடிவாயிற்று. குறிப்புகளை எல்லாம் சிறு சீட்டுகளாக வெட்டினோம். ஒரு சீட்டில் ஒரே ஒரு செய்தி. மொத்தம் 83 சீட்டுகள் தேறின. சார்ட் பேப்பரின் நடுவில் மூளை என்று எழுதி வட்டமிட்டு, அதிலிருந்து பன்னிரண்டு கிளைகள் இழுத்து, ஒவ்வொன்றின் மேலும் உரிய சீட்டுகளை அடுக்கினோம். மாலைக்குள் முடிந்துவிட்டது. தேர்ச் சக்கரம்போல் பார்க்க அழகாகவே இருந்தது.

ஆனால் 14 சீட்டுகள் தரையில் மிச்சம் கிடந்தன. அவை எந்தக் கிளையிலும் உட்கார மறுத்தன. ஒன்றில், "வலக்கண்ணில் டார்ச் அடித்தால் இடக்கண்ணின் பாப்பாவும் சுருங்கும்" என்றிருந்தது. இதை எங்கே வைப்பது? ஒளியை உணர்வது இரண்டாம் நரம்பு, பாப்பாவைச் சுருக்குவது மூன்றாம் நரம்பு. இன்னொரு சீட்டு, "கார்னியாவைத் தொட்டால் கண் சிமிட்டும் - ஐந்தாம் நரம்பு" என்றது. வேறொரு நோட்டிலிருந்து வந்த சீட்டு அதே சோதனையை ஏழாம் நரம்புக்குரியது என்றது. இரண்டில் ஒன்று பிழையென எண்ணி மகள் இரண்டையுமே ஓரமாக வைத்திருந்தாள். இரண்டும் சரி. வரைபடம்தான் பிழை. ஒரு பட்டியலை வட்டமாக வளைத்துவிட்டு அதற்கு வரைபடம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அன்று இரவு சாப்பாட்டின்போது மகள் கேட்டாள்: "மூணு, நாலு, ஆறு மூணும் கண்ண அசைக்கற நரம்புங்க. நடுவுல அஞ்சு மட்டும் ஏம்ப்பா வந்து உக்காந்துக்குச்சு? அது முகத்துல தொடு உணர்ச்சிக்கும் மெல்லறதுக்கும்தானே?" எண்களுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்பதே பதில். இன்று நாம் எண்ணும் பன்னிரண்டு என்ற வரிசையை 1778இல் தந்தவர் ஜெர்மானியரான சோமரிங். மூளையின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்க்கையில் முன்னாலிருந்து பின்னாகப் புறப்படும் ஒழுங்கில் எண்கள் அமைந்தன. அது வீதியில் வீட்டுக்கு இலக்கம் இடுவதைப் போன்றது. வீட்டுக்குள் இருப்பவர் தச்சரா கொல்லரா என்று அந்த இலக்கம் சொல்லாது. ஆனால் பக்கத்து வீடு எது என்பதைச் சொல்லும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் புதிய தாளை விரித்தோம்.

இரண்டாம் வரைபடத்தின் நடுவே மூளைத்தண்டை மூன்று தளங்கொண்ட கட்டடமாக வரைந்தோம். மேல் தளம் நடுமூளை, இடைத் தளம் பான்ஸ், கீழ்த் தளம் முகுளம். முதல் இரண்டு நரம்புகள், அதாவது முகர்வதும் பார்ப்பதும், மூளைத்தண்டுக்கு மேலே பெருமூளைப் பக்கம் சேர்பவை. அவற்றை மொட்டைமாடியில் வைத்தோம். மூன்றும் நான்கும் நடுமூளையில். ஐந்து முதல் எட்டு வரை பான்ஸில். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை முகுளத்தில். இது வசதிக்கான சுருக்கம்தான். ஆறு, ஏழு, எட்டு ஆகியவை வெளிவருவது பான்ஸும் முகுளமும் சந்திக்கும் வரப்பில். பதினொன்றாம் நரம்பின் பெரும்பகுதி கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஏறி வருவது. ஐந்தாம் நரம்பின் உணர்ச்சிக் கருக்கள் மூன்று தளங்களையும் கடந்து கழுத்துவரை நீள்கின்றன. இந்த மூன்று விலக்குகளையும் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டால், படுக்கையருகே இந்தக் கட்டடம் போதும்.

ஒவ்வொரு நரம்பிலிருந்தும் மூன்று கிளைகள் மட்டும் இழுத்தோம்: என்ன செய்கிறது, எப்படிக் கேட்பது, கெட்டால் என்ன தெரியும். உடற்கூறியல் சீட்டுகளில் பாதிக்குமேல் இங்கே இடமில்லை என்று மகள் வருந்தினாள். வருந்த வேண்டாம், அவை கீழே கிடக்கட்டும் என்றோம்.

இனி மிச்சம் கிடந்த 14 சீட்டுகள். இவற்றுக்கெனப் பச்சை, சிவப்பு என இரண்டு நிறங்களை எடுத்தோம். பச்சை, செய்தி உள்ளே போகும் வழி. சிவப்பு, கட்டளை வெளியே வரும் வழி. ஒளிச் சோதனைக்கு இரண்டிலிருந்து பச்சைக்கோடு மேல் தளத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து இருபுறமும் மூன்றாம் நரம்புகளின் வழியாகச் சிவப்புக்கோடு வெளியேறுகிறது. ஒரு கண்ணில் அடித்த வெளிச்சத்துக்கு இரண்டு பாப்பாக்களும் ஏன் சுருங்குகின்றன என்பதற்கு அதற்குமேல் விளக்கமே தேவைப்படவில்லை.

கார்னியாச் சோதனையில்தான் இந்த முறை தன் பயனைக் காட்டியது. பஞ்சின் நுனியை மெல்லிய திரியாக முறுக்கி, லேசாக நனைத்து, நோயாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கையில் ஓரத்திலிருந்து கொண்டுவந்து கருவிழியின் மேற்பரப்பைத் தொட வேண்டும். வெள்ளைவிழியைத் தொட்டால் கணக்கில்லை. நேர் எதிரிலிருந்து கொண்டுவந்தால், பஞ்சு வருவதைப் பார்த்தே சிமிட்டிவிடுவார். அது இன்னொரு நரம்பின் சாட்சியம். சரியாகத் தொட்டால் இரு கண்களும் சேர்ந்து சிமிட்டும். உள்ளே போவது தொட்ட பக்கத்து ஐந்தாம் நரம்பு, வெளியே வருவது இரு பக்கத்து ஏழாம் நரம்புகள். ஆகவே வலக்கண்ணைத் தொட்டு இரண்டுமே சிமிட்டவில்லை, இடக்கண்ணைத் தொட்டால் இரண்டும் சிமிட்டுகின்றன என்றால், பழுது வலது ஐந்தில். எந்தக் கண்ணைத் தொட்டாலும் இடது மட்டுமே சிமிட்டுகிறது என்றால் பழுது வலது ஏழில். ஒரே பஞ்சுத்திரி, இரண்டு நரம்புகளையும் பிரித்துச் சொல்லிவிடுகிறது. மகள் தன் இரு சீட்டுகளையும் எடுத்து ஒரே கோட்டின் இரு முனைகளில் ஒட்டினாள்.

முரண்பட்டதாக அவள் நினைத்திருந்த இன்னொரு இணையும் இருந்தது. "ஆ" என்று சொல்லச்சொன்னால் உள்நாக்கு நல்ல பக்கத்துக்குப் போகும் என்றது ஒரு சீட்டு. நாக்கை நீட்டச்சொன்னால் அது பழுதான பக்கத்துக்குச் சாயும் என்றது மற்றொன்று. எது சரி? இரண்டுமே சரி. அண்ணத்தின் தசைகள் இழுப்பவை. நல்ல பக்கம் தன்னை நோக்கி இழுக்கிறது. நாக்கின் தசைகள் முன்னே தள்ளுபவை. நல்ல பக்கம் தள்ள, எதிர்த்துத் தள்ள ஆளில்லாத பக்கத்துக்கு நாக்கு சாய்கிறது. இழுப்பது, தள்ளுவது என்ற இரு வினைச்சொற்களைப் பத்திலும் பன்னிரண்டிலும் எழுதிவிட்டோம். மனப்பாடம் தேவையற்றுப் போயிற்று.

ஏழாம் நரம்பை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தோம். அதில் ஒரு நுட்பம் உண்டு. முகத்தின் கீழ்ப்பாதியை ஆளும் நரம்பணுக்களுக்குக் கட்டளை எதிர்ப்பக்கப் பெருமூளையிலிருந்தே பெரிதும் வருகிறது. நெற்றியை ஆள்பவற்றுக்கோ இரு பக்கத்திலிருந்தும் வருகிறது. ஆதலால் பெருமூளையில் ஒரு பக்கம் பக்கவாதம் தாக்கினால் வாய் கோணும், நெற்றியில் சுருக்கம் விழும். மாறாக, மூளையை விட்டு வெளியேறிய நரம்பே பழுதானால் நெற்றி, கண், வாய் மூன்றும் சேர்ந்தே வீழும். மகள் இதைக் கட்டம்போட்டு எழுதினாள்: "நெற்றி அசைந்தால் மூளை, அசையாவிட்டால் நரம்பு." அன்றைக்கு அந்த வாக்கியத்தில் நாங்களும் குறை காணவில்லை.

மாட்டுப்பொங்கலன்று விடிகாலை, எங்களில் ஒருவருடைய அம்மா, அறுபத்தெட்டு வயது, பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர், வாய் கொப்பளித்துவிட்டு முற்றத்திலிருந்து பேத்தியைத்தான் கூப்பிட்டார். "கண்ணு, வாயில ஊத்துன தண்ணி நிக்கவே மாட்டீங்குது. தானா ஒழுகுது பாரு." வாய் இடப்பக்கமாக இழுபட்டிருந்தது. கோலம் போட வந்த பக்கத்து வீட்டம்மா, "ஐயோ, வாதம் அடிச்சிருச்சே" என்று மார்பில் கைவைத்தார்.

எங்கள் கைகள் காரின் சாவியைத் தேடின. மகள் பாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்து எதிரே மண்டியிட்டாள். "அப்பத்தா, புருவத்த மேல தூக்குங்க." இடது நெற்றியில் கோடுகள் விழுந்தன. வலது வழவழப்பாக இருந்தது. "கண்ண இறுக்கி மூடுங்க." வலது இமை பாதியில் நின்றது, உள்ளே விழி மேல்நோக்கி உருள்வது தெரிந்தது. "பல்லக் காட்டுங்க." வலது கன்னம் அசையவில்லை. அவள் எங்களைத் திரும்பிப் பார்த்து, "நெத்தியும் போயிருச்சு. நரம்புதான்ப்பா, மூளையில்ல" என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதி எங்களையும் தொற்றியது.

அப்போதுதான் எங்களுக்குச் சுவரில் ஒட்டியிருந்த கட்டடம் நினைவுக்கு வந்தது. ஏழாம் நரம்பு பான்ஸில் பிறக்கிறது. அதன் இழைகள் வெளியேறுமுன் ஆறாம் நரம்பின் கருவைச் சுற்றி வளைந்து வருகின்றன. அந்த இடத்திலேயே ஒரு சிறு இரத்தக்குழாய் அடைபட்டாலும் நெற்றி, கண், வாய் மூன்றும் சேர்ந்தே விழும். அதுவும் பக்கவாதம்தான். நெற்றி அசையாதது பெருமூளையை விலக்குகிறது, மூளைத்தண்டை விலக்குவதில்லை. "பக்கத்து வீடுகளப் பாரு கண்ணு" என்றோம். அவள் சட்டெனப் புரிந்துகொண்டாள்.

ஆறாம் வீடு: தலையை அசைக்காமல் விரலைப் பின்தொடரச் செய்தாள். வலது விழி வலக்கோடிவரை தயங்காமல் போயிற்று. இரட்டையாகத் தெரியவில்லை என்றார் பாட்டி. ஐந்தாம் வீடு: "வலப்பக்கம் மரத்த மாதிரி இருக்குது" என்று அவர் சொன்னதும் ஒரு கணம் திடுக்கிட்டோம். ஆனால் கண்ணைத் துண்டால் மறைத்துப் பஞ்சால் நெற்றி, கன்னம், தாடை என்று மாற்றி மாற்றித் தொட்டபோது ஒன்றைக்கூட விடாமல், இரு பக்கமும் ஒன்றுபோலவே சொன்னார். அசையாத முகத்தை மரத்துப்போனதாகச் சொல்வோர் அநேகர்; சொல்லை நம்பி நின்றுவிடாமல் சோதிக்க வேண்டிய இடம் அது. பிறகு பஞ்சுத்திரி. வலது கருவிழியைத் தொட்டதும் இடக்கண் பளிச்சென்று சிமிட்டியது, பாட்டி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வலக்கண் அப்படியே நின்றது. மகள் தனக்குள் முணுமுணுத்தது எங்களுக்குக் கேட்டது: "அஞ்சு உள்ள போயிருச்சு, ஏழு வெளிய வரல."

எட்டாம் வீடு: காதருகே விரல்களைத் தேய்த்ததில் இரு பக்கமும் கேட்டது, தலைசுற்றல் இல்லை. முந்தைய நாள் குக்கர் விசில் வலக்காதில் மட்டும் குத்துவதுபோல் இருந்ததாக அவராகவே சொன்னார். மகள் எழுந்து உள்ளே ஓடினாள். வரைபடத்தில் இடமில்லை என்று நாங்கள் ஒதுக்கிவைத்த சீட்டுகளில் ஒன்றைத் தேடி எடுத்துவந்தாள். ஏழாம் நரம்பின் சிறு கிளையொன்று காதுக்குள் ஸ்டெபிடியஸ் என்னும் மிகச்சிறு தசைக்குப் போகிறது. பேரொலிகளை மட்டுப்படுத்துவது அதன் வேலை. அதனடியிலேயே இன்னொரு சீட்டு: நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை கொண்டுவரும் கிளை. பஞ்சை உப்புநீரில் தோய்த்து நாக்கின் இரு ஓரங்களிலும் வைத்துப் பார்த்தாள். இடப்பக்கம் கரித்தது, வலப்பக்கம் ஒன்றுமில்லை. இவ்விரு கிளைகளும் நரம்பு காதுக்குப் பின்னுள்ள எலும்புக் கால்வாயில் போகும் வழியில் பிரிபவை. ஆகவே பழுது மூளைக்கு வெளியே, அந்தக் கால்வாயை ஒட்டி என்று எண்ண வலுவான காரணம் கிடைத்தது.

பிறகு கீழ்த்தளம். விழுங்கினார், அண்ணம் சமமாக உயர்ந்தது, நாக்கு நேராக நீண்டது. கைகளை முன்னே நீட்டிக் கண்ணை மூடச்சொல்ல வேண்டும். கண் மூடாதவரிடம் அதைச் சொல்லி என்ன பயன் என்று மறுபடி துண்டைப் போட்டாள். பத்து எண்ணும்வரை இரு கைகளும் தாழவில்லை. முற்றத்தின் குறுக்கே நேராக நடந்தார். காதுமடலிலும் துளைக்குள்ளும் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். அக்கி வைரஸால் இதே நரம்பு பழுதாவது உண்டு, அதன் மருத்துவமும் போக்கும் வேறு. கொப்புளங்கள் இல்லை. முந்தைய மாலையே காதுக்குப் பின்னால் வலி தொடங்கியதும், வலப்பக்கம் இரவுக்குள் மெல்ல மெல்லத் தளர்ந்ததும் அப்போதுதான் விசாரிப்பில் தெரிந்தன. ஒரே நொடியில் வந்ததல்ல.

இதெல்லாம் பத்து நிமிடங்களுக்குள். ஆறாம் வீட்டிலோ கையிலோ நடையிலோ ஒரு சிறு பிசகு கண்டிருந்தாலும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடியிருப்போம். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. மருத்துவப் பயிற்சி இல்லாத வீடுகளில் வாய் கோணியவுடன் செய்ய வேண்டியதும் அதுவே. திண்ணையில் வைத்து நரம்பு எண்ணிக்கொண்டிருப்பது அல்ல. நாங்களும் எங்கள் முடிவோடு நிற்காமல் அன்றே நகரத்து நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பார்த்துவிட்டு, 1821இல் முகநரம்பைப் பற்றி எழுதிய சார்லஸ் பெல்லின் பெயரால் வழங்கும் முகவாதம் என்று உறுதிசெய்தார். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் தரும் ஸ்டீராய்டு மாத்திரை பத்து நாட்களுக்கு. அது சர்க்கரையை ஏற்றும் என்பதால் தினமும் ரத்தம் பார்த்தல். மூடாத கண்ணின் கருவிழி காய்ந்து புண்ணாகாமலிருக்கப் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு தடவி இமையை ஒட்டிவைத்தல். பெல் முகவாதத்தில் பெரும்பாலோர் முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ மீள்கிறார்கள் என்று அவர் சொன்னதைப் பாட்டி இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

விடுதிக்குக் கிளம்புமுன் மகள் வரைபடத்தில் இரண்டு திருத்தங்கள் செய்தாள். கட்டம்போட்டு எழுதிய வாக்கியத்தை அடித்துவிட்டு, "நெற்றி அசையாவிட்டால் ஆறு, ஐந்து, எட்டு, கை, கால், நடை" என்று எழுதினாள். ஸ்டெபிடியஸையும் சுவைக்கிளையையும் ஏழாம் நரம்பின் கிளையில், காதுக்கால்வாய் என்றொரு சிறு பெட்டி வரைந்து அதற்குள் ஒட்டினாள். அவற்றை ஒதுக்கியது நாங்கள் செய்த பிழை. நரம்பு எந்த வழியில் போகிறது என்ற அறிவு, பழுது எங்கே என்று கேட்கும்போதுதான் உயிர்பெறுகிறது; அவளுடைய முதலாண்டு நோட்டு அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறது.

மூன்று வாரங்களில் வலப்பக்க வாயோரம் துடிக்கத் தொடங்கியது. சித்திரையில் கண் முழுதாக மூடியது. இப்போதும் அவர் வாய்விட்டுச் சிரிக்கையில் வலக்கண் சற்றே சுருங்கும். மீண்டும் வளர்ந்த இழைகளில் சில, வாய்க்குப் போக வேண்டியவை, வழிதவறிக் கண்ணின் தசையைச் சேர்ந்துவிட்டதால் அப்படி. அடுத்த விடுமுறையில் மகள் இதைக் கவனித்து ஒரு சீட்டில் எழுதி, ஏழாம் கிளையின் ஓரத்தில் 84ஆவதாக ஒட்டினாள். அப்பத்தா எழுந்து வந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்காட்டச் சொன்னார். படித்ததும் சிரித்தார். நாங்கள் மூவரும் அவர் வலக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.